கோகிலாவுக்கு, புத்தகக் கட்டோடு ஒரு கடிதம்

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு இரவு

கோகிலா கண்ணு,

அண்ணன் கையில் கொடுத்துவிட்ட கட்டை இந்நேரம் பிரித்திருப்பாய். ஏற்காடு பஸ்ஸில் ஈரம் படாமல் இருக்க இரண்டு சாக்குப்பை போட்டுக் கட்டினேன். உள்ளே நான்கு புத்தகம், சட்டத்தை உரையில்லாமல் அப்படியே அச்சிட்ட ஒரு பேர் ஆக்ட், நான்கு பிரின்ட் அவுட். அவ்வளவுதான். சட்டப் படிப்பின் முதல் வருடத்துக்கு என்று கடையில் கேட்டால் ஒரு அலமாரியையே தலையில் கட்டுவார்கள். அதில் பாதி கைடு. பரீட்சைக்கு முந்தின வாரம் நீயும் வாங்குவாய், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் கைடிலிருந்து தொடங்காதே.

தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு இங்கிலீஷ் சட்டப் புத்தகம் புரியுமா என்று அன்றைக்கு அண்ணி கவலைப்பட்டார்கள். நானும் அப்படி வந்தவள்தான். தட்டுப்படும் சொல்லை டிக்‌ஷனரியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தீர்ப்பில் எந்த விஷயம் தீர்ப்பைத் தூக்கி நிறுத்துகிறது, எது சும்மா கூட வந்தது என்று பிரித்துப் பார்க்கும் கண்தான் வேண்டும். அதற்கு மொழி தடையில்லை. கட்டில் இருப்பதையெல்லாம் அந்தக் கண்ணுக்காகத்தான் பொறுக்கினேன்.

முதலில் புத்தகத்தைத் திறக்காதே. மேலே கிளிப் போட்ட தீர்ப்பை எடு. 'லால்மன் சுக்லா எதிர் கௌரி தத்', அலகாபாத் உயர் நீதிமன்றம், 1913. சில பக்கம்தான். ஒரு வீட்டுப் பையன் காணாமல் போகிறான். முதலாளி அவனைத் தேடத் தன் வேலையாளை அனுப்புகிறார். ஆள் கிளம்பிய பிறகு, கண்டுபிடித்தால் பரிசு என்று நோட்டீஸ் அடிக்கிறார். ஆள் பையனைக் கண்டுபிடித்துக் கொண்டு வருகிறான். பரிசைப் பற்றி அவனுக்குப் பிறகுதான் தெரிகிறது. வழக்குப் போட்டான், தோற்றான்.

கைடில் இது ஒரு வரியில் முடியும்: முன்மொழிவு தெரியாமல் ஏற்பு இல்லை. நீ தீர்ப்பைப் படித்தால் இன்னொரு காரணமும் கண்ணில் படும். தேடுவது ஏற்கெனவே அவன் கடமை, அதற்காகவே அனுப்பப்பட்டவன். இப்போது யோசி. அவன் வேலையாள் இல்லை, தெருவில் போன யாரோ என்று வைத்துக்கொள். அப்போதும் தோற்பானா? வேலையாள்தான், ஆனால் நோட்டீஸைப் பார்த்துவிட்டே கிளம்பினான் என்றால்? ஒவ்வொரு விவரமாக மாற்றி மாற்றிப் பார். எதை மாற்றினால் தீர்ப்பு ஆடுகிறதோ அது முக்கியம். ஆடவில்லையென்றால் அது கதை. தீர்ப்பைத் தாங்குகிற காரணத்தை ரேஷியோ என்று வகுப்பில் சொல்லும்போது பயப்படுவாயே, அதைத் தேடுகிற வேலை இதுதான்.

இதைச் செய்த பிறகு கிளான்வில் வில்லியம்ஸ் எழுதிய 'லேர்னிங் தி லா'வைத் திற. 1945-இல் முதலில் வந்தது. அவருக்குப் பிறகு வேறொருவர் திருத்தித் திருத்திப் பதிப்பிக்கிறார். வழக்குகளைப் படிப்பது, சட்டங்களுக்குப் பொருள் கொள்வது பற்றிய அத்தியாயங்களை இரண்டு தடவை படி. இங்கிலாந்துக் கோர்ட் அமைப்பு, அங்கே தொழிலுக்குப் போகும் வழி பற்றியதெல்லாம் நமக்கு வேண்டாம், தள்ளிவிடு. நான் படித்த காப்பிதான் அது. ஓரத்தில் பென்சில் கோடு இருக்கும், அதை நம்பாதே. நான் கோடு போட்ட இடமெல்லாம் சரியான இடமில்லை.

இரண்டாவது பிரின்ட் அவுட், நத்தை கேஸ். 'டோனகூ எதிர் ஸ்டீவன்சன்', 1932, அன்றைக்கு பிரிட்டனின் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை. 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ஒரு ஹோட்டலில் தோழி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பியரை ஒரு பெண் குடிக்கிறாள். பாட்டிலில் செத்த நத்தை இருந்ததாகப் புகார். வாங்கியவள் தோழி, ஆகவே இவளுக்கும் கடைக்காரருக்கும் ஒப்பந்தம் இல்லை. தயாரித்தவன் மேல் வழக்குப் போட முடியுமா? முடியும் என்று 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு.

இதில் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள். ஒன்று, நத்தை உண்மையிலேயே இருந்ததா என்று கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. புகாரில் சொன்னது உண்மையென்றே வைத்துக்கொண்டால் சட்டம் பரிகாரம் தருமா என்பதுதான் சபை முன் வந்த கேள்வி. சம்பவம் பற்றிய கேள்வி வேறு, சட்டம் பற்றிய கேள்வி வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கேஸ் எனக்குத் தெரியாது. இன்னொன்று, அந்த பாட்டில் உள்ளே தெரியாத கண்ணாடி. நம்மூர் கோலி சோடாவாக இருந்தால் நத்தை வெளியிலிருந்தே தெரிந்திருக்கும். குடிக்கிறவர் பார்த்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அப்படியானால் அந்தக் கண்ணாடி தீர்ப்பைத் தாங்குகிற விவரமா? கூடையில் திறந்து விற்கிற மாம்பழத்துக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் வரும்? இதற்கு ஒரே விடை இல்லை. நீ எழுதுகிற விடைக்குக் காரணம் சொல்ல வேண்டும், அதுதான் கணக்கு.

மூன்றாவது நம்மூர்ப் பெயர் தாங்கியது. 'சேலம் அட்வகேட் பார் அசோசியேஷன் எதிர் இந்திய ஒன்றியம்', உச்ச நீதிமன்றம். 2002-இல் ஒரு தீர்ப்பு, 2005-இல் இன்னொன்று. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1999-லும் 2002-லும் செய்த திருத்தங்களைப் பற்றியது. முழுவதும் இப்போது புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. 2005 தீர்ப்பில் பிரதிவாதி தன் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்யும் கெடு பற்றிய பகுதியை மட்டும் படி. 30 நாளுக்குள், நீட்டித்தாலும் 90 நாளுக்குள் தாக்கல் செய்ய 'வேண்டும்' என்கிறது சட்டம். அந்த 'வேண்டும்' கண்டிப்பா, வழிகாட்டுதலா? வழிகாட்டுதல்தான் என்றது நீதிமன்றம், தகுந்த காரணம் இருந்தால் 90 நாள் தாண்டியும் ஏற்கலாம் என்று. ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு வணிக வழக்கில் போய் நிற்காதே. அங்கே 120 நாளோடு உரிமை போய்விடும் என்று சட்டமே சொல்கிறது, நீட்டிக்க முடியாது. 'வேண்டும்' இரண்டு இடத்திலும் இருக்கிறது, பக்கத்தில் நிற்கிற சொற்கள் வேறு. அதனால்தான் கூடவே பேர் ஆக்ட் வைத்தேன். தீர்ப்பு எந்தப் பிரிவைப் பேசினாலும் அந்தப் பிரிவை எடுத்து, கமா வரைக்கும் படித்துவிட்டுத்தான் மேலே போ.

ஹெட்நோட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது நீதிபதி எழுதியது இல்லை, தீர்ப்புத் தொகுப்பு வெளியிடுகிறவர்கள் தீர்ப்புக்கு மேலே சேர்த்த சுருக்கம். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு வாடகை வழக்கில், ஹெட்நோட்டை மட்டும் படித்துவிட்டு ஒரு முன்தீர்ப்பை நீட்டினேன். எதிர்த்தரப்பு சீனியர் எழுந்து எட்டாவது பத்தியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த வழக்கில் எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தது, என் கட்சிக்காரரிடம் அது இல்லை. அந்த அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து முழுத் தீர்ப்பையும் படிக்காமல் ஒரு கேஸையும் கோர்ட்டில் சொன்னதில்லை. நீ ஆரம்பத்திலிருந்தே அப்படிப் பழகு.

வாதம் கட்டுவதற்கு இரண்டு புத்தகம். ஆண்டனி வெஸ்டனின் 'எ ரூல்புக் ஃபார் ஆர்க்யுமென்ட்ஸ்' சின்னது, எளிய இங்கிலீஷ். சட்டப் புத்தகமே அல்ல, அதனாலேயே நல்லது. உதாரணம் சொல்லி நிரூபிப்பது, ஒப்புமை காட்டுவது என்று ஒவ்வொரு வகை வாதமும் எங்கே உடையும் என்று காட்டுகிறது.

மற்றது மணிமேகலை. ஆச்சரியப்படாதே. பள்ளியில் அமுதசுரபியோடு நிறுத்திவிட்டார்கள். 29-ஆவது காதைக்குப் போ, உரையோடு படி. அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். மனு எழுதும்போது நான் இன்றைக்கும் இந்த மூன்றையும்தான் தேடுகிறேன்: என்ன கேட்கிறேன், எதனால், எதைப் போல. அதைவிட எனக்குப் பிடித்தது பிறகு வரும் பழுதான வாதங்களின் பட்டியல். அதில் ஒன்று, பார்ப்பது புகையா, ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டென்று துணிவது. உனக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில் எழுந்து வாசலில் நின்று பார். சேர்வராயன் மலைச் சரிவில் வெள்ளையாக எழும்புவது மூட்டமா, காபித் தோட்டத்தில் யாரோ சருகு கொளுத்தினார்களா? அதைத் தீர்க்காமல் மேலே கட்டுகிற வாதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்காது. சாட்சி விசாரணையில் விழுகிற வழக்குகளில் பலவும் இப்படித்தான் விழுகின்றன.

எழுத்துக்கு ரிச்சர்ட் வைடிக்கின் 'பிளெயின் இங்கிலீஷ் ஃபார் லாயர்ஸ்'. ஒரு வாக்கியத்தில் வேலை செய்கிற சொல் எது, ஒட்டுப் பசையாக நிற்கிற சொல் எது என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். அதே சல்லடையைத் தமிழுக்கும் போடு. நம்மூர் நோட்டீஸ்களில் 'மேற்படி நபராகிய மேற்படியார்' என்று போகுமே, அதில் ஒரு பத்தியை எடுத்து உன் தமிழில் பாதியாக்கு. சில சொல்லில் குறையில்லாமல் சொல்லத் தெரியாதவர்களே பல சொல்ல ஆசைப்படுவார்கள் என்று சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார், 649-ஆவது குறள். மாணவர்கள் வாதாடிப் பழகுகிற மூட் கோர்ட்டுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசி.

கடைசி பிரின்ட் அவுட்டைத் தீபாவளி லீவுக்கு வைத்துக்கொள். லான் ஃபுல்லர் 1949-இல் எழுதிய குகை வழக்கு. கற்பனை வழக்குதான். குகைக்குள் சிக்கியவர்கள் தங்களில் ஒருவனைக் கொன்று தின்று உயிர் பிழைக்கிறார்கள். ஐந்து நீதிபதிகள், ஐந்து தனித்தனித் தீர்ப்பு. ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் அவர் சொல்வதே சரி என்று தோன்றும். உனக்குச் சம்மதமில்லாத நீதிபதிக்காக ஒரு பக்கம் வாதாடி எழுது.

நீதிபதிகள் எப்படி யோசித்துத் தீர்ப்பு சொல்கிறார்கள் என்று எழுதிய லெவி, கார்டோசோ எல்லாம் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டாம் வருடம் தருகிறேன், இப்போது படித்தால் வழக்குகள் கைவசம் இல்லாததால் காற்றில் நிற்கும். சட்டத் தத்துவம் பேசுகிற ஜூரிஸ்புருடன்ஸ் தடிப் புத்தகத்தையும் தள்ளி வை. நூலகத்தில் நீதிபதி சந்துரு எழுதிய 'லிசன் டு மை கேஸ்' இருந்தால் இரவில் படி. தமிழ்நாட்டு நீதிமன்றப் படியேறிய பெண்களைப் பற்றியது, கேஸ் நம்பருக்குப் பின்னால் நிற்கிற மனுஷியைக் காட்டும்.

பழைய புத்தகம் யாராவது கொடுத்தால் ஆண்டைப் பார். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்கான தண்டனை 302-இல் இருந்து 103-க்குப் போய்விட்டது. பழைய தீர்ப்புகளில் பழைய எண்தான் இருக்கும், ஓரத்தில் புது எண்ணை எழுதிக்கொண்டே படி.

அடுத்த ஞாயிறு கீழே இறங்கும்போது லால்மன் சுக்லாவை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு வா. நடந்தது என்ன, கேள்வி என்ன, முடிவு என்ன, எதனால். தமிழிலேயே எழுது. நான் எதிர்த்தரப்பாக உட்காருகிறேன். அண்ணியிடம் மிளகு கொஞ்சம் கொடுத்துவிடச் சொல்.

உன் அத்தை