கடிகாரம் பின்னாடி இருக்கு

அப்பா கூப்பிட்டபோது மெல்போர்னில் ராத்திரி இரண்டே முக்கால், கோவில்பட்டியில் ஒன்பதேகால். அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் யாருக்கும் முதலில் வயிறுதான் கலங்கும். ஆனால் அந்த வாரம் முழுக்கவே அப்பா இப்படித்தான் கண்ட நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு நடக்கும்போது ஒரு தடவை, நடுராத்திரி ஒரு தடவை. மற்றபடி அவர் போன் அலாரம் மாதிரி. மத்தியானம் இரண்டு மணிக்கு நான் கஃபே வேலை முடித்து ஏப்ரனைக் கழற்றும்போது சரியாக வரும்.

"பாப்பா, நெட் போச்சு" என்றார்.

"நெட் இல்லாம எப்படி வீடியோ கால் பண்றீங்க?"

"இது போன்ல வருது. கம்ப்யூட்டர்ல வரமாட்டேங்குது. ஆடிட்டர் ஆபீஸ்ல இன்னிக்கு ராத்திரிக்குள்ள பில்லு எல்லாம் மெயில் பண்ணச் சொல்லுதாங்க. நாளைக்குப் பதினொன்னாம் தேதி."

ஜிஎஸ்டி கட்டும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் பதினொன்றாம் தேதி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. போன மாத விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டிஆர் ஒன்றில் ஏற்றக் கடைசி நாள். இருபதாம் தேதி வரி, பதினொன்றாம் தேதி கணக்கு. எங்கள் வீட்டில் பொங்கல் தீபாவளி மறந்தாலும் இந்த இரண்டும் மறக்காது.

நான் படிப்பது சுற்றுச்சூழல் பொறியியல். கழிவுநீரில் நைட்ரஜனை எப்படிக் குறைப்பது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் அப்பாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை, பெண் வெளிநாட்டில் இன்ஜினியரிங் படிக்கிறாள், ஆகவே கடை கம்ப்யூட்டருக்கு அவள்தான் பொறுப்பு. சரி, அதுவும் ஒருவகையில் நியாயம்தான். அந்த கம்ப்யூட்டரை எட்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அசெம்பிள் பண்ணி வாங்கியபோது கூடப் போனது நான்தான்.

கடையில் மாரி அண்ணன் இருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது. அவர் அக்கா கல்யாணத்துக்கு லீவு. அப்பா போனை ஒரு பெயின்ட் டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு, மானிட்டரைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார். "யுவர் க்ளாக் ஈஸ் பிஹைண்ட். என்னமோ கடிகாரம் பின்னாடி இருக்குன்னு சொல்லுது. எந்த கடிகாரம்? சுவத்துல இருக்கதா?"

"கீழ வலது மூலைல தேதி என்னன்னு பாருங்க."

"ஒன்னு, ஒன்னு, ரெண்டாயிரத்து பதினாலு."

விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. மதர்போர்டில் ஒரு பட்டன் செல் இருக்கும், சிஆர் 2032. கம்ப்யூட்டருக்கு கரண்ட் இல்லாதபோதும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அந்தச் செல்தான். அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தன் பிறந்த தேதிக்குப் போய்விடும். அதிலும் எங்கள் கடையில் அப்பா தினமும் ராத்திரி பூட்டும்போது மெயின் ஸ்விட்சையே இறக்கிவிட்டுத்தான் வருவார், எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவருக்கு ஷார்ட் சர்க்கியூட் பயம் மற்றவர்களைவிட ஜாஸ்தி. தேதி 2014 என்றால் பிரவுசருக்கு எந்த வெப்சைட்டின் சான்றிதழும் இன்னும் பிறக்காத சான்றிதழ், அதனால் ஜிமெயில், ஜிஎஸ்டி எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். நான் இங்கிருந்து உள்ளே நுழைய வைத்திருந்த ரிமோட் சாஃப்ட்வேரும் அதே காரணத்தால் படுத்துவிட்டது. ஆக, கை அப்பாவுடையது, வாய் என்னுடையது.

"இந்தத் தேதி எத்தனை நாளா இப்படி வருது?"

"ஒரு வாரமா இருக்கும். மாரிதான் காலைல வந்ததும் போனைப் பாத்து மணியச் சரி பண்ணுவான். எனக்கு எங்க அமுக்கணும்னு தெரியலை."

"சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்குப் பரீட்சை இருக்கும்னு நெனச்சேன்."

மார்ச் பத்தாம் தேதி எந்தப் பரீட்சையும் இல்லை, செமஸ்டரே இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. ஆனாலும் அப்பாவின் காலண்டரில் எனக்கு எல்லா நாளும் பரீட்சைதான்.

தேதியை மட்டும் மாற்றிவிட்டு மெயில் அனுப்பியிருக்கலாம். நாளைக்கு மாரி அண்ணன் வரமாட்டார், காலையில் மறுபடி இதே பாடு, மறுபடி எனக்கு போன். செல்லையே மாற்றிவிடலாம் என்றேன். வாட்ச் கடை எட்டரைக்கே அடைத்துவிட்டதாம். கார் சாவியில் இருக்கும், எங்களுக்குக் கார் கிடையாது. அப்புறம் எனக்கே தோன்றியது. "அப்பா, கலர் மாறுற எல்ஈடி ஸ்ட்ரிப் வித்தீங்களே, அதுகூட சின்ன ரிமோட் வருமே, தட்டையா?"

"இருக்கு, ரெண்டு செட் விக்காம கெடக்கு."

அதற்குள் இருப்பது சிஆர் 2025. அகலம் அதே 20 மில்லிமீட்டர், வோல்ட் அதே மூன்று, கனம் மட்டும் 3.2-க்குப் பதில் 2.5. ஸ்லாட்டில் கொஞ்சம் லூசாக உட்காரும், ஆனால் ஒன்றிரண்டு நாள் தாக்குப் பிடிக்கும்.

இதற்குமேல் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியின் திருகுகளை அப்பா கழற்றியபோது அது வேறு அப்பா. கீபோர்டில் ஒரு எழுத்தைத் தேடி அரை நிமிஷம் விரலை அந்தரத்தில் வைத்திருப்பவர், டெஸ்டரைக் கையில் எடுத்ததும் கேட்கவே வேண்டாம். உள்ளே தூசியைப் பார்த்துவிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த ப்ளோயரை எடுத்துவந்து ஊதினார். போன் திரை முழுக்கப் புழுதி மண்டலம். "வீட்டுப் பரண்கூட இவ்வளவு மோசமில்ல" என்று தும்மினார். ஓரத்தில் இருக்கும் சின்ன கொக்கியை டெஸ்டர் முனையால் லேசாகத் தள்ளினால் செல் தானாக எழும்பும் என்றேன். நான் சொல்லி முடிக்குமுன் செல் அவர் உள்ளங்கையில் இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, "அரை வோல்ட்கூட இல்ல, செத்தே போச்சு" என்று டாக்டர் மாதிரி சொன்னார்.

இடையில் அம்மா கடை போனில் கூப்பிட்டாள். "தோசை ஆறிட்டிருக்கு, பாப்பா கம்ப்யூட்டர் பாத்துட்டிருக்கா" என்று ஒரே மூச்சில் அப்பா இரண்டு பேருடைய பேச்சையும் தானே பேசி வைத்துவிட்டார்.

புதுச் செல் போட்டு ஆன் பண்ணியதும் கறுப்புத் திரையில் நின்றது. எஃப் ஒன் அமுக்குங்க என்றேன். எஃப் தனியாகவும் ஒன்று தனியாகவும் அமுக்கினார். மேல் வரிசையில் இருக்கும் எஃப் ஒன் என்று சொல்லாதது என் குற்றமா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வந்தது, தேதி இன்னும் 2014. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவைத்து, இன்டர்நெட்டைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யச் சொல்லும் கமாண்டை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்தேன்.

```
net start w32time
w32tm /resync
```

`The computer did not resync because the required time change was too big.`

இது விண்டோஸின் ஒரு பிடிவாதம். இன்டர்நெட் நேரத்துக்கும் கம்ப்யூட்டர் நேரத்துக்கும் பதினைந்து மணி நேரத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால், நம்ப மாட்டேன் என்று அது விலகி நின்றுகொள்ளும். முதலில் கையால் கிட்டத்தட்டச் சரிசெய்ய வேண்டும். அப்பா சுவரில் தினசரி காலண்டரைப் பார்த்து பத்தாம் தேதி வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது ஐம்பது வைத்தார். மறுபடி அதே கமாண்ட். `The command completed successfully.`

"முடிஞ்சுதுப்பா. மணி பாருங்க."

பதிலில்லை.

"அப்பா?"

"மூணு இருபத்திரெண்டுன்னு காட்டுது. பதினொன்னாந் தேதி."

என் லேப்டாப்பில் பார்த்தேன். மூன்று இருபத்திரண்டு. ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, தூக்கக் கலக்கத்தில் இரண்டு திரையைக் குழப்பிக்கொள்கிறேனோ என்றுகூடப் பட்டது. அப்புறம் இன்னொரு கமாண்ட் அடிக்கச் சொன்னேன்.

```
tzutil /g
```

"ஏ, யு, எஸ்... ஆஸ் ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்டு டைம்."

"இதை யாரு மாத்தினா? நம்ம கம்ப்யூட்டர் ஆஸ்திரேலியாவுல இருக்குன்னு நெனச்சிட்டிருக்கு!"

அப்பா பெயின்ட் டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தினார். முகம் திரையை விட்டு வெளியே போய்விட்டது, சட்டைப் பையும் பேனாவும்தான் தெரிந்தன. "நான்தான் மாரிகிட்ட சொல்லி மாத்தினேன். நீ போன ஜூலையில. நாலரை மணி நேரம் கூட்டிக்கோங்கன்னு சொல்லிட்டுப் போன, சரி. அக்டோபர்ல அங்க ஒரு மணி நேரம் தள்ளி வச்சுட்டாங்கன்ன. எனக்கு நாலரையா அஞ்சரையான்னு குழம்பிப்போச்சு. இது பாத்தா தானா மாறியிருந்துச்சு. உனக்கு வேலை எப்ப முடியும், நீ எப்ப தூங்குவன்னு இதுல பாத்துக்கிடுவேன். கடைக்கு மணி பாக்க சுவத்துல கடிகாரம் இருக்குல்ல."

இந்த வாரம் மாரி அண்ணன் காலையில் கையால் கோவில்பட்டி நேரத்தை வைத்திருக்கிறார். அப்பாவுக்கு என் நேரம் போய்விட்டது. போன் தாறுமாறாக வந்ததும் அதனால்தான்.

எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் அதைவிட வேகமாக வேறொன்று மண்டைக்குள் ஓடியது. "அப்பா, பில்லுல தேதி எங்கேருந்து வருது?"

"கம்ப்யூட்டர்லருந்துதான்."

"அப்ப சாயங்காலம் ஆறரைக்கு மேல போட்ட பில்லு எல்லாம்?"

அவருக்கும் பிடிபட்டுவிட்டது. டப்பா திரும்பி வந்தது, முகமும் வந்தது. ஆறரைக்கு மேல் மெல்போர்னில் மறுநாள். பிப்ரவரி 28 சாயங்காலம் காண்டிராக்டர்கள் வாங்கிய பைப், ஒயர், அத்தனையும் மார்ச் ஒன்று என்று அச்சாகியிருக்கும். "அதான், என் கைநோட்டும் கம்ப்யூட்டரும் ஒரு மாசமும் ஒத்தே வரலை. ஆடிட்டர் என்னைத் திருடன் மாதிரி பாக்காரு" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. பில்லில் எந்தத் தேதி இருக்கிறதோ அந்த மாதக் கணக்கில்தான் வரும், திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள், வித்தியாசம் ஏன் என்று மட்டும் மெயிலில் எழுதுவோம் என்றேன். என்ன எழுதுவது? 'கணினியின் நேர மண்டலம் தவறாக அமைந்திருந்தது' என்று எழுதினேன். அப்பா வாசித்துவிட்டு, யார் அமைத்தது என்று கேட்பாரா என்றார். கேட்டால் மாரி அண்ணன் மேல் போடாதீர்கள் என்றேன்.

கடைசியாக, `tzutil /s "India Standard Time"` அடித்ததும் கம்ப்யூட்டர் ஊருக்குத் திரும்பியது. கூடவே விண்டோஸில் இரண்டாவது கடிகாரம் ஒன்று சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதில் மெல்போர்னைத் தேர்ந்தெடுத்து, பெயர் போடும் இடத்தில் என்ன வேண்டுமானாலும் அடியுங்கள் என்றேன். அப்பா நிதானமாக `PAPPA` என்று அடித்தார். மூலையில் இருக்கும் நேரத்துமேல் மவுஸை வைத்தால் இரண்டும் தெரியும், பில்லில் ஊர்த் தேதிதான் விழும்.

"மெயில் போயிடுச்சான்னு சென்ட் பாக்ஸ்ல பாருங்க. அப்புறம் நாளைக்கு வாட்ச் கடைல 2032 கேட்டு வாங்கிடுங்க, அந்த ரிமோட் செல்லைத் திரும்ப..."

அப்பா மவுஸை நகர்த்துவது தெரிந்தது.

"பாப்பா, அங்க மணி நாலேகால் ஆகுது. ஆறு மணிக்கு உனக்கு வேலை இருக்குல்ல?"

"இருக்கு, ஆனா மெயில்..."

"அத நான் பாத்துக்கிடுதேன். போனை வை மொதல்ல."

நான் வைக்கவில்லை, அவரே வைத்துவிட்டார்.