ஒரு வார மீட்டல் நேரசூசி: முதலாம் அரையாண்டு, ஆங்கில மொழிமூலப் பரீட்சை

யாருக்கு: ஒட்டுசுட்டானில் தமிழில் வர்த்தகப் பிரிவு படித்து, இப்போது வவுனியாவில் முதலாம் வருடம் படிக்கும் தங்கச்சிக்கு.
தந்தவர்கள்: அதே பாடங்களை அதே மொழி மாற்றத்தோடு எழுதி முடித்த மூத்த அணி.
பரீட்சை: இந்த மீட்டல் வாரத்துக்கு அடுத்த வாரம், திங்கள் நிதிக் கணக்கீடு, புதன் நுண்பொருளியல், வெள்ளி முகாமைத்துவம், சனி வணிகப் புள்ளிவிபரவியல். எல்லாம் காலை 9 முதல் 12 வரை. ஐந்து கேள்வி, கேள்விக்கு 20 புள்ளி.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். கணக்கீட்டிலும் பொருளியலிலும் பாதிக்கு மேல் உமக்கு உயர்தரத்திலேயே தெரிந்த விசயம். இந்த வாரம் புதிதாகப் படிக்கிற வாரம் இல்லை. தெரிந்ததை ஆங்கிலத்தில், கையால், நேரத்துக்குள் எழுதப் பழகுகிற வாரம். ஆகவே வாசிப்பு ஒரு பங்கு, எழுத்து இரண்டு பங்கு. குறிப்புகளுக்கு மஞ்சள் கோடு அடித்துக்கொண்டு இருப்பது படிப்புக் கணக்கில் சேராது.

எல்லா நாளுக்கும் பொதுவான நேரம்

4.30 எழும்புதல்
5.00 – 7.00 எழுத்து (மூளையும் காற்றும் குளிர்ச்சியாக இருக்கும் நேரம், கடினமான பாடம் இங்கேதான்)
8.30 – 11.30 அன்றைய பிரதான பாடம், நடுவில் 15 நிமிட இடைவேளை
12.30 – 3.00 சாப்பாடு, 40 நிமிடத் தூக்கம், சொற்கொப்பி
4.00 – 6.00 கடந்தகால வினாத்தாள்
7.30 – 9.15 திருத்தம்
9.45 படுக்கை

மத்தியான வெக்கையில் கணக்குச் செய்ய முயல வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே இருந்து ஐந்தொகையைச் சமப்படுத்துகிறவருக்குத் தனி விருது கொடுக்க வேண்டும். மின்சாரம் நின்றால் இரவுத் திருத்தத்தை விட்டுவிட்டுப் படும், காலை 4.00 மணிக்கு எழும்பிச் செய்யலாம். வினாத்தாள்களைத் திங்கள் காலையே கைபேசியில் இறக்கி வையும், இல்லாவிட்டால் ஒட்டுசுட்டான் கடையில் அச்செடுத்து வையும். பிறகு கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

திங்கள்: ஒழுங்குபடுத்தலும் கேள்விச் சொற்களும்

காலை: நான்கு பாடத்துக்கும் விரிவுரைத் தலைப்புகளை ஒரு தாளில் எழுதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி: தமிழில் தெரியும், ஆங்கிலத்திலும் தெரியும், இரண்டிலும் தெரியாது. மூன்றாவது வகையில் பாடத்துக்கு இரண்டு தலைப்புக்கு மேல் இருந்தால் முழுவதையும் பிடிக்க ஓட வேண்டாம். கடந்தகால வினாத்தாளில் அடிக்கடி வந்த இரண்டை மட்டும் எடும்.

அடுத்து சொற்கொப்பி. 80 பக்கக் கொப்பியில் மூன்று நிரல்: தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், அந்தச் சொல் வருகிற ஒரு முழு ஆங்கில வசனம். மூன்றாவது நிரலை எழுதச் சோம்பல் வரும். அதுதான் பரீட்சையில் கைகொடுப்பது. பெறுமானத்தேய்வு என்றால் டிப்ரிசியேஷன் என்று தெரிந்தும், வெறும் தாளில் அதை வைத்து ஒரு வசனம் தொடங்கமுடியாமல் நிற்கிறவர்கள்தான் கூட. நாளுக்கு 25 சொல், வெள்ளி வரைக்கும். எழுத்துப்பிழை பிடிக்க, ஆங்கில நிரலைக் கையால் மறைத்து, வேறு தாளில் எழுதிப் பாரும்.

பிற்பகல்: கேள்விச் சொற்கள். புள்ளி போவது பெரும்பாலும் இங்கேதான்.

டிஃபைன்: இரண்டு வசனம், அதோடு நிறுத்தும்.
லிஸ்ட், ஸ்டேட்: பெயர்கள் மட்டும். விளக்கம் எழுதினால் நேரம்தான் போகும், புள்ளி கூடாது.
எக்ஸ்பிளெய்ன்: ஏன், எப்படி என்பதற்குப் பதில். ஒரு பொயின்டுக்கு மூன்று வசனம்.
டிஸ்டிங்குயிஷ்: இரண்டையும் தனித்தனிக் குறிப்பாக எழுதினால் பாதிப் புள்ளிதான் வரும். நடுவில் கோடு கிழித்து, ஒரே அடிப்படையில் எதிரெதிராக எழுத வேண்டும்.
டிஸ்கஸ்: இரண்டு பக்கமும், கடைசியில் உம்முடைய முடிவு ஒரு வசனத்தில்.

மாலை: நான்கு பாட வினாத்தாளிலும் இந்தச் சொற்களுக்கு மட்டும் வட்டம் போடும். விடை எழுத வேண்டாம். ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை பகுதி கேட்டிருக்கிறது, எத்தனை உதாரணம் கேட்டிருக்கிறது என்று ஓரத்தில் தமிழில் குறியும்.

செவ்வாய்: நிதிக் கணக்கீடு

5.00: ஒரு முழு இறுதிக்கணக்குக் கேள்வி. தமிழில் எந்த முறையில் செய்தீரோ அதே முறை. தலைப்புகள் மட்டும் ஆங்கிலம். வரவு என்றால் டெபிட், செலவு என்றால் கிரெடிட். கையில் ஓடுகிற பழக்கத்தை மாற்றத் தேவையில்லை.

8.30: செம்மையாக்கங்கள். கேள்வியின் அடியில் வருகிற ஆறேழு வரிகளை வாசித்து விளங்குவதே வேலை. தடக்குகிற இடங்கள்:

"கரிஜ் இன்வர்ட்ஸ்" கொள்வனவோடு கூடும். "கரிஜ் அவுட்வர்ட்ஸ்" விநியோகச் செலவு. "ரிட்டர்ன்ஸ் இன்வர்ட்ஸ்" என்பது விற்ற பொருள் திரும்பி வந்தது, ஆகவே விற்பனையில் கழியும். உள்ளே வருகிறது என்பதைப் பார்த்துக் கொள்வனவில் கழித்துவிடுகிறார்கள்.

"அக்ரூட்" என்றால் அட்டுறு செலவு: செலவோடு கூட்டும், பொறுப்பிலும் காட்டும். "பிரீபெய்ட்" என்றால் முற்பணமாகக் கட்டியது: செலவில் கழியும், நடைமுறைச் சொத்தில் காட்டும்.

பெறுமானத்தேய்வில் ஒரு சொல் முழு விடையையும் மாற்றும். 500,000 ரூபா இயந்திரம், வருடத்துக்கு 20%. "ஒன் கொஸ்ட்" என்றால் ஒவ்வொரு வருடமும் 100,000. "ரிடியூசிங் பலன்ஸ்" என்றால் முதல் வருடம் 100,000, இரண்டாம் வருடம் 400,000 இன் 20%, அதாவது 80,000. கணக்காண்டு மார்ச் 31 இல் முடிந்து, இயந்திரம் யூலை 1 இல் வாங்கப்பட்டிருந்தால் முதல் வருடத்துக்கு 9 மாதம்தான்: 75,000. திகதியைப் பார்க்காமல் தாண்டுவது ஆங்கிலப் பிரச்சினை இல்லை, அவசரம்.

4.00: இரண்டு கேள்வி, தலா 32 நிமிடம். ஐந்தொகை சமப்படாவிட்டால் நேரம் முடிந்ததும் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகப் பழகும். செய்முறைக்குப் புள்ளி உண்டு. வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அடுத்த கேள்வியின் 20 புள்ளி போகும்.

புதன்: நுண்பொருளியல்

வரைபடமே இந்தப் பாடத்தில் உமக்குத் துணை. அதற்கு மொழி கிடையாது. 5.00 மணிக்குப் பத்து வரைபடம் கீறும்: கேள்வி, நிரம்பல், சமநிலை, விலை உச்சவரம்பு, நிறைபோட்டி நிறுவனம், தனியுரிமை என்று. அச்சுக்குப் பெயர், கோட்டுக்குப் பெயர், சமநிலைப் புள்ளி இல்லாவிட்டால் வரைபடத்துக்குப் புள்ளி குறையும். ஒவ்வொன்றின் கீழும் மூன்று ஆங்கில வசனம்: என்ன மாறியது, கோடு எந்தப் பக்கம் நகர்ந்தது, விலைக்கும் தொகைக்கும் என்ன நடந்தது.

8.30: விலை மாறினால் கேள்வித் தொகை மாறும், அதே கோட்டில் நகர்வு. வருமானமோ விருப்பமோ மாறினால் கேள்வியே மாறும்; கோடு இடம்பெயரும். ஆங்கிலத்தில் முதலாவதில் "குவான்டிட்டி" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டால் சரியாக விளங்கியும் பிழையான விடை எழுதினதாகிவிடும்.

நெகிழ்ச்சி: விலை 50 ரூபாவிலிருந்து 60 ஆக, தொகை 200 இலிருந்து 180 ஆக. விலை 20% கூடியது, தொகை 10% குறைந்தது. விடை 0.5, அதாவது நெகிழ்ச்சி குறைந்த கேள்வி. விடையின் கீழே அதன் கருத்தை ஒரு ஆங்கில வசனத்தில் எழுதும். பலர் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்.

உதாரணத்துக்குப் புத்தகத்துக் கோதுமைப் பண்ணை தேவையில்லை. முறிகண்டியில் வரிசையாக இருக்கிற கச்சான் கடைகளை எழுதும்: ஒரே மாதிரிப் பொருள், பல விற்பனையாளர், ஒருவர் மட்டும் விலையைக் கூட்டினால் பஸ்ஸால் இறங்கினவர் அடுத்த கடைக்குப் போவார். நிறைபோட்டிக்கு நெருங்கிய உதாரணம் என்று எழுதினால் போதும்.

வியாழன்: முகாமைத்துவம்

முழுக்க வசனம் எழுதுகிற பாடம். அதனால் நான்கிலும் உமக்குக் கடினம் இதுவே.

காலை முழுக்க ஐந்து தலைப்பு: முகாமைத்துவத்தின் நான்கு தொழிற்பாடுகள், ஃபயோலின் 14 கோட்பாடுகள், டெயிலரின் விஞ்ஞான முகாமைத்துவம், மாஸ்லோவின் ஐந்து தேவைப் படிகள், மின்ஸ்பேர்க்கின் 10 வகிபாகங்கள். ஒவ்வொன்றுக்கும் முழு விடை எழுத வேண்டாம். எலும்புக்கூடு மட்டும்: வரைவிலக்கணம், பொயின்ட் பெயர்கள், பொயின்டுக்கு ஒரு உதாரணம்.

முழு விடையைப் பாடமாக்க வேண்டாம். மாஸ்லோவை விளக்கச் சொன்னால் தப்பலாம். மாஸ்லோவின் குறைகளைக் கேட்டால் பாடமாக்கினவர் அதே விடையைத்தான் எழுதுவார், புள்ளி வராது.

வசனத்துக்கு 12 சொல்லுக்கு மேல் போக வேண்டாம். யார், என்ன செய்கிறார், எதை என்ற ஒழுங்கு. தமிழில் வினை கடைசியில் வரும் என்பதால், நீண்ட வசனத்தை மனதுக்குள் தமிழில் கட்டி ஆங்கிலத்தில் இறக்கினால் நடுவில் அறுந்துவிடும். இரண்டாக உடையும். நிகழ்காலம் போதும், "மனேஜர்" ஒருவர் என்றால் வினையின் முடிவில் "எஸ்" போட்டீரா என்று கடைசியில் ஒருமுறை பாரும்.

4.00: இரண்டு கேள்வி எழுதி, எழுதினதைச் சத்தமாக வாசியும். மூச்சு முட்டுகிற இடத்தில் வசனம் நீளம்.

வெள்ளி: புள்ளிவிபரவியல், மாலையில் மீண்டும் முகாமைத்துவம்

இடை, இடையம், ஆகாரம், நியமவிலகல் எல்லாம் உமக்குத் தெரியும். காலை ஒரு வேளை போதும். பார்க்க வேண்டியது எண்ணைச் சுற்றியுள்ள சொற்களை: "அட் லீஸ்ட் 3" என்றால் 3 உம் அதற்கு மேலும், "மோர் தன் 3" என்றால் 4 இலிருந்து. "அட் மோஸ்ட்", "நொட் மோர் தன்" இரண்டும் ஒன்றே. நிகழ்தகவில் இந்த ஒரு சொல் பிழைத்தால் கணக்கு முழுவதும் பிழைக்கும்.

4.00 முதல் முகாமைத்துவத்தில் இன்னும் இரண்டு கேள்வி.

சனி: ஒத்திகை

9.00 – 12.00 கணக்கீடு முழு வினாத்தாள். மேசை, கதிரை, கணிப்பான், தண்ணீர், கொப்பி இல்லை. 10 நிமிடம் வாசிப்பு, கேள்விக்கு 32 நிமிடமாக 160, கடைசி 10 சரிபார்ப்பு.

4.00: சிவப்புப் பேனாவால் திருத்தும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு குறி: பாடம் தெரியாதது "பா", சொல் தெரியாதது "சொ", கேள்வியைப் பிழையாக வாசித்தது "வா". "வா" கூடவாக இருந்தால் இரவு எந்தப் பாடமும் தொடாமல் திங்கட்கிழமைக் கேள்விச் சொற்களைத் திரும்பப் பாரும். "சொ" கூடவென்றால் சொற்கொப்பி. "பா" கூடவென்றால் கூடிய புள்ளியுள்ள ஒரே ஒரு தலைப்பு.

ஞாயிறு: பயணம்

5.00 – 7.00 செம்மையாக்கங்கள் மட்டும். பத்து மணிக்குள் மூட்டை: அனுமதி அட்டை, அடையாள அட்டை, நீலப் பேனா மூன்று, பென்சில், அடிமட்டம், கணிப்பான். மத்தியானத்துக்கு முன் மாங்குளத்துக்குப் போய் வவுனியா பஸ் எடும். ஞாயிறு மாலை பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் அடுத்த நாள் கால் வலிக்கும். விடுதியில் புதிய தலைப்பு எதையும் திறக்க வேண்டாம். பரீட்சை நடக்கிற பம்பைமடுவுக்கு மன்னார் வீதியால் போகிற காலைப் பஸ் எத்தனை மணிக்கு என்று அன்றிரவே கேட்டு வையும்.

திங்கள் பரீட்சை முடிந்ததும் வாசலில் நின்று விடை ஒப்பிடாமல் வந்து சாப்பிட்டுத் தூங்கும். 4.00 மணிக்குப் பொருளியல் வரைபடங்கள். செவ்வாய் முழுக்கப் பொருளியல், வியாழன் முழுக்க முகாமைத்துவம். வெள்ளி பிற்பகல் புள்ளிவிபரவியலுக்கு இரண்டு மணித்தியாலம் போதும்.