முடிச்சை மறந்து எழுந்த நொடி

திருகோணமலை, 2025 ஆவணி. டச்பே கடலைப் பார்த்த மண்டபத்தின் பின் விறாந்தை, காலை 10.50.

இந்தப் படத்தில் நாங்கள் இருவரும் நிற்கவும் இல்லை, இருக்கவும் இல்லை. தாலி ஏறி, அக்கினியை வலம் வந்து, அம்மி மிதித்து, அறுகரிசி போட வந்த பெரியவர்களின் வரிசை ஒருவாறு முடிந்த பிறகு, இரண்டு நிமிடம் காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று அம்மம்மா எங்களைப் பின்பக்கம் அனுப்பிவைத்தார். விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் ஓமப் புகைக்குள் இருந்தவர்களுக்கு அந்தப் பழைய மரவாங்கு மணவறையைவிடச் சுகமாக இருந்தது. எனக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று இவர் சட்டென எழுந்தார். என் கூறைச்சேலையின் தலைப்பும் இவருடைய சால்வையின் நுனியும் இன்னும் முடிச்சிலேயே இருந்ததை இருவருமே மறந்திருந்தோம். இவர் எழுந்த வேகத்தில் நானும் பாதி எழும்பினேன். நான் இழுத்த பாரத்தில் இவர் பாதி குனிந்தார். விக்கல் நின்றுவிட்டது. படம் அந்த நொடியில் விழுந்தது.

'இவர்' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. முதல் நாள் வரை பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், தனியே இருந்தால் இப்போதும் அப்படித்தான். ஆனால் பெரியம்மாமார் நிறைந்த வீட்டில் பெயர் வாயில் வருமுன் நாலு பேர் திரும்பிப் பார்ப்பதால், மூன்று நாட்களாக இந்த மூன்றெழுத்தைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் முதலில் முடிச்சைப் பாருங்கள். அதைக் கட்டியவர் என் மச்சாள், அதாவது இவருடைய அக்கா. உள்ளே ஒரு கொட்டைப் பாக்கையும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தையும் வைத்து, மாடு கட்டுகிறவர் இறுக்குவதுபோல அவர் இறுக்கியபோது, ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டு, "பிள்ளை, பின்னேரம் அவிழ்க்கவும் வேணும்" என்றார். மச்சாளுக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல இருந்தார். கூறையின் சரிகை அந்த இடத்தில் கசங்கிக் கிடப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அதை நான் தேய்க்கக் கொடுக்கப்போவதில்லை.

அடுத்தது இவருடைய தலைப்பாகை. அதன் மூன்றாவது மடிப்பில் மஞ்சள் பூசிய அரிசி மணிகள் நாலைந்து ஒட்டியிருக்கின்றன, காதுக்குப் பின்னால் ஒரு அறுகம்புல்லும் செருகியதுபோல நிற்கிறது. அறுகரிசியைத் தலையில் மெல்லத் தூவுவோரும் உண்டு, விதைப்பதுபோல வீசுவோரும் உண்டு. தம்பலகாமத்திலிருந்து வந்த இவருடைய ஆட்கள் அனைவரும் இரண்டாம் வகை.

அவர்களுக்காகத்தான் நாளே ஆவணிக்குப் போனது. என் வீட்டில் வைகாசி என்று பேச்சு இருந்தது. மாமாவோ, கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் செய்கிறவர். வைகாசியில் பயிர் இளம் பச்சையாக நிற்கும்போது தன்னால் ஒரு நாள்கூட வயலை விட்டு வர முடியாது என்றும், ஆடியில் யாரும் கலியாணம் வைப்பதில்லை என்றும், வெட்டி அடித்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எந்த நாள் என்றாலும் தனக்குச் சம்மதம் என்றும் அவர் சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் முகூர்த்தத்தைச் சோதிடருக்கு முன்பே ஒரு வயல் குறித்துவிட்டது. அறுவடை தப்பாமல் முடிந்தது. வந்தவர்கள் முகத்தில் அது இருந்தது. மண்டபத்து வாசலில் கட்டிய நெற்கதிர்த் தோரணமும் அந்த வயலுடையதுதான். இரண்டு நாள் கழித்தும் சிட்டுக்குருவிகள் அங்கே வந்து போவதாக மண்டபத்துக் காவலாளி சொன்னார்.

மணவறையில் வாழ்த்துச் சொல்லவந்த ஒரு பெரியவர், கலியாணம் என்பது ஆயிரங்காலத்துப் பயிர் என்று தொடங்கினார். மாமா பக்கத்தில் நின்றவரிடம் தாழ்ந்த குரலில், ஆனால் எங்களுக்குக் கேட்கும்படி, "எனக்குத் தெரிஞ்ச பயிர் மூண்டரை மாசம். அதுக்கே நாளுக்கு ரெண்டு தரம் வரம்பில நிக்கவேணும்" என்றார். முகூர்த்த நேரத்தில் மணமகள் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது என்பார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்ததை, வெட்கத்தில் குனிந்தேன் என்று எண்ணிப் பலர் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் இதைவிட அழகாக இருக்கலாம், ஆனால் அவற்றில் இருப்பது வெட்கம் அல்ல.

படத்தின் இடது ஓரத்தில், பாதி முகம் மட்டும் வெட்டுப்பட்டுத் தெரிபவர் அம்மா. ஆலாத்தித் தட்டைக் கழுவக் கொண்டுபோகும் வழியில் எங்களைக் கண்டு நின்றுவிட்டார். தட்டில் வாழைப்பழத் துண்டுகளும், அவற்றின் மேல் எரிந்து கருகிய திரிகளும் அப்படியே இருக்கின்றன. தட்டு சரிவதைக் கவனிக்காமல், கண்ணில் நீர் வரும்படி சிரிக்கிறார். இந்த அரை முகத்துக்காகத்தான் நான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். முடிச்சு, தலைப்பாகை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்றால், அம்மாவின் கலியாண அல்பத்தில் 36 படங்கள் இருக்கின்றன, ஒன்றிலும் அவர் சிரிக்கவில்லை. 1994இல் எடுத்தவை அவை. ஒரு சுருளுக்கு 36 படம். இரண்டாவது சுருள் வாங்கப் பணமும் இல்லை, ஊரின் அன்றைய நிலையில் அதைத் தேடி அலைய நேரமும் இல்லை. ஒரு படமும் வீணாகக் கூடாது என்பதால், ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கி, கையை மடியில் வைத்து, அசையாமல் இருக்கச் சொன்னார்களாம். படம் பிடித்தவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். அப்போது பாலம் இல்லை. 'பாதை' என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் மிதவையில் கமராப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடந்து வந்தாராம். எங்கள் கலியாணத்துக்கு வந்தவர் அவருடைய மகன். 2009இல் திறந்த 396 மீற்றர் நீளப் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளில் சில நிமிடங்களில் கடந்து வந்து, 1,412 படங்களை எடுத்துத் தள்ளினார். அவற்றில் பலவற்றுக்கு, "அக்கா, நாடியை கொஞ்சம் தூக்குங்க, அண்ணன், நீங்க அக்காவைப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் எடுத்தார். இந்த ஒன்றுக்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் விறாந்தைக்கு வந்தாராம்.

படத்தை அவர் கமராவின் சிறு திரையில் அம்மாவுக்குக் காட்டியபோது, "ஐயோ, என்ர வாயைப் பார், இதை அழிச்சுப்போடு தம்பி" என்றார் அம்மா. தம்பி அழிக்கவில்லை. அவருடைய வாப்பா எடுத்த 36 படங்களில் ஒன்றையேனும் அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

வலது பக்கத்தில், வாங்கின் நுனியில், ஒரு செம்பில் சாய்த்துவைத்த கைபேசி இருக்கிறது. அதற்குள் தெரியும் சிறிய வெளிச்சம் ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா. அங்கே அப்போது அதிகாலை 1.20. மேலே பட்டுச் சட்டையும் தோளில் சால்வையும் போட்டுக்கொண்டு, தாலி கட்டும்போது எழுந்து நின்று, தன் வீட்டு வரவேற்பறையில் தனியே அறுகரிசி தூவினார். கீழே என்ன உடுத்தியிருந்தார் என்பதை, அவர் ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்தபோது நாங்கள் எல்லோரும் கண்டோம். அதை இங்கே எழுதுவது முறையல்ல.

பின்னால் தெரியும் நீலத்தைப் பலர் சாயம் பூசிய திரைச்சீலையா என்று கேட்டார்கள். அது கடல்தான். ஆவணியில் எங்கள் பக்கத்துக் கடல் காலை வேளைகளில் அப்படித்தான் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கும் மாதங்களில் இதே விறாந்தையில் நின்றால் சேலை நனைந்துவிடும். அன்று அலை கரையைத் தொடுவதே காதில் விழவில்லை. உள்ளே தவிலும் நாதஸ்வரமும் உச்சத்தில் இருந்தன, பந்திக்கு ஆள் கூப்பிடும் குரல்கள் கேட்டன, யாரோ பாயாச வாளியைத் தட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தங்கள் அனைத்தும் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க, முன்னால் ஒரு வள்ளம் மட்டும் அசையாமல் நின்றது. பல மாதங்களாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த என் மனதில், அப்போது செய்யவேண்டிய வேலை என்று ஒன்றுமே மிச்சமிருக்கவில்லை. அப்படி ஒரு வெறுமை இவ்வளவு இனிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பின்னேரம் கோட்டை வாசல் வழியாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போனோம். வழியில் புள்ளிமான் ஒன்று இவருடைய மாலையை நுனியிலிருந்து மென்று, பாதி வரை வந்துவிட்டது. அந்தப் படமும் இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தனியே அனுப்புகிறேன். திருகோணமலையில் கலியாணம் முடித்த எல்லோரிடமும் ஒரு மான் படம் இருப்பதால், அதை இங்கே போடவில்லை.

முடிச்சை இரவு எட்டு மணிக்கு அம்மம்மாதான் அவிழ்த்தார். நகத்தால் முடியாமல், கொண்டையூசியை எடுத்து, கூறையில் ஒரு நூலும் அறுந்துவிடாமல் நெம்பி நெம்பி எடுக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மச்சாள் பக்கத்தில் இருந்து வெளிச்சம் பிடித்தார். பாக்கை அம்மம்மா தன் வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். நாணயம் எங்களிடம் இருக்கிறது.

அந்தத் தண்ணீர் என்னவாயிற்று என்று கேட்டவர்களுக்கு: இருவருமாகவே நடந்து போனோம். விறாந்தையின் மறுகோடியில் மண்பானையும் மூக்குப்பேணியும் இருந்தன. இவர் எனக்கு வார்த்துத் தந்து, நான் அண்ணாந்து குடிக்கப்போய்ப் பாதி கழுத்து மாலையில் ஊற்றுண்டது. இவர் குடித்தபோது ஒரு துளியும் சிந்தவில்லை; வயலில் பழகிய கை.

வந்தவர்களுக்கும், வர முடியாமல் அழைப்பெடுத்தவர்களுக்கும், கொழும்பிலிருந்து இரவு ரயிலில் நித்திரை முழித்து வந்து அதே சேலையோடு பந்தியில் பரிமாறிய பெரியம்மாவுக்கும் எங்கள் இருவரின் அன்பும் நன்றியும். சித்தப்பா, பெரிய அளவுப் படம் உங்களுக்கு அனுப்பியாயிற்று. இப்போது அங்கே நடுச்சாமம். நாளைக்குப் பார்க்கலாம், படுங்கள்.