தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 0.6c வேகத்தில்: கால நீட்டிப்பு, நீளக் குறுக்கம் பயிற்சிக் கணக்குகள்

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு முன் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு வரவும்.

போன முறை விடைத்தாள் திருத்தும்போது ஒரே தவறைப் பல தாள்களில் பார்த்தேன். சூத்திரம் எல்லோருக்கும் தெரிகிறது. γ-வால் பெருக்குவதா, வகுப்பதா என்பதில்தான் தடுமாற்றம். எண்ணைப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த நேரம் யாருடைய கடிகாரத்தில் அளந்தது? இந்த நீளம் யாருக்கு எதிரே அசையாமல் இருக்கிறது?

γ = 1/√(1 − v²/c²)
t = γ t₀
L = L₀/γ

t₀ என்பது இரண்டு நிகழ்வுகளும் தன் இடத்திலேயே நடக்கக் காணும் கடிகாரத்தின் நேரம். L₀ என்பது பொருள் அசையாமல் இருக்கும் குறிப்பாயத்தில் அளந்த நீளம். எல்லாக் கணக்கிலும் c = 3 × 10⁸ மீ/வி.

கணக்கு 1. தருமபுரி–கிருஷ்ணகிரி சாலை 45 கி.மீ. நேர்கோடு என்று வைத்துக்கொள்வோம் (ஓட்டுநர்கள் மன்னிக்கவும்). அதன் மேலே ஒரு விண்கலம் 0.6c வேகத்தில் செல்கிறது. விண்கலத்தில் இருப்பவருக்குத் தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

γ = 1/√(1 − 0.36) = 1.25. சாலை நமக்கு அசையாமல் கிடக்கிறது, ஆகவே 45 கி.மீ.தான் L₀. விண்கலத்துக்கு 45/1.25 = 36 கி.மீ. நம் கடிகாரத்தில் நேரம் 45000/(1.8 × 10⁸) = 250 மைக்ரோவிநாடி. விண்கலத்தில் 36000/(1.8 × 10⁸) = 200 மைக்ரோவிநாடி. 250-ஐ 1.25-ஆல் வகுத்தாலும் அதே 200.

இங்கேதான் பலர் வழுக்கினார்கள். தூரத்தைக் குறுக்கி 200 கண்டுபிடித்த பிறகு, "கால நீட்டிப்பும் உண்டே" என்று மறுபடி 1.25-ஆல் வகுத்து 160 என்று எழுதினார்கள். ஒரே விளைவை இரண்டு தடவை கழிக்கக் கூடாது. ஒரு குறிப்பாயத்தைப் பிடித்தால் அந்தக் கணக்கு முடியும்வரை அதிலேயே இருங்கள்.

சரி, அதே சாலையில் மணிக்கு 60 கி.மீ. ஓடும் பஸ்ஸுக்கு? கால்குலேட்டரில் γ = 1 என்றே வரும்; அது கால்குலேட்டரின் எல்லை. γ − 1 ≈ v²/2c² என்று எழுதுங்கள். v = 16.7 மீ/வி, விடை சுமார் 1.5 × 10⁻¹⁵. பயணம் 45 நிமிடம், அதாவது 2700 விநாடி. பயணியின் கடிகாரம் பின்தங்குவது சுமார் 4 × 10⁻¹² விநாடி. பஸ் லேட்டானதற்கு ஐன்ஸ்டீனைக் குறை சொல்ல முடியாது.

கணக்கு 2. தரைக்கு 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் மியூவான் 0.995c வேகத்தில் நேராகக் கீழே வருகிறது. அசையாமல் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி. தரையை எட்டுவது எத்தனை பங்கு? காற்றில் இழக்கும் ஆற்றலை விட்டுவிடுங்கள். உண்மையில் அது சின்ன விஷயமில்லை.

சார்பியல் இல்லாமல் முதலில் பார்ப்போம். நம் கடிகாரத்தில் இறங்கும் நேரம் 15000/(2.985 × 10⁸) = 50.25 மைக்ரோவிநாடி. அது 22.8 ஆயுள். e⁻²²·⁸⁴ ≈ 1.2 × 10⁻¹⁰. ஆயிரம் கோடி மியூவான் புறப்பட்டால் ஒன்று வந்து சேரலாம்.

இப்போது γ = 10.01. ஆயுள் நமக்கு 22.0 மைக்ரோவிநாடியாக நீள்கிறது. 50.25/22.0 ≈ 2.28. e⁻²·²⁸ ≈ 0.10. அதே ஆயிரம் கோடியில் சுமார் நூறு கோடி தரைக்கு வரும்.

மியூவானின் பக்கம் நின்று போடுங்கள். அதன் ஆயுள் 2.2 மைக்ரோவிநாடிதான், நீளவில்லை. குறுகியது காற்றுமண்டலம்: 15/10.01 ≈ 1.5 கி.மீ. அதைக் கடக்க 5.02 மைக்ரோவிநாடி. 5.02/2.2 = 2.28. எத்தனை மியூவான் வந்து சேர்ந்தது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வரக் கூடாது. வந்தால் உங்கள் கணக்கில் எங்கோ பிழை.

கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டிப் போனால் கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தின் ஆழத்தில் இந்த மியூவான்களை எண்ணினார்கள். அதே சுரங்கத்தில்தான் 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோக்களின் தடயமும் கிடைத்தது.

நீங்களே போட வேண்டியவை:

3. 4 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீனுக்கு 0.8c வேகத்தில் ஒருத்தி போகிறாள். புறப்படும்போது வயது 20. சேரும்போது? (விடை: 23. பூமியில் கழிந்தது 5 ஆண்டு.)

4. ஓய்வில் 100 மீ. நீளமுள்ள விண்கலம் நமக்கு 80 மீ. என அளவாகிறது. வேகம் என்ன? அதன் அகலம் எவ்வளவு குறுகும்? (விடை: 0.6c. அகலம் குறுகாது, இயக்கத் திசையில் மட்டுமே குறுக்கம்.)

5. மின்னூட்டமுள்ள பையானின் ஆயுள் 2.6 × 10⁻⁸ விநாடி, வேகம் 0.99c. ஆய்வகத்தில் ஒரு சராசரி ஆயுளுக்குள் எவ்வளவு தூரம் போகும்? (விடை: சுமார் 55 மீ. 7.7 மீ. என்று வந்தால் γ-வை மறந்துவிட்டீர்கள்.)