அரக்கு ரவிக்கை குறித்து தையல் அக்காவுக்கு

பாரதிபுரம், தருமபுரி
11.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நேரில் வந்து சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்தனுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் வரும்போதெல்லாம் கடையில் நாலு பேர் அளவு கொடுக்க நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் இந்தப் பேச்சை எடுத்தால் உங்களைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடும். போன் செய்தால் மிஷின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்பதில்லை. அதனால்தான் பையனிடம் இந்தக் கடிதத்தையும் மஞ்சப்பையையும் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

விஷயம் என் அம்மாவின் கடுகு நிறப் பட்டுப்புடவைக்குத் தைத்த ரவிக்கை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தையலில் ஒரு குறையும் இல்லை. தோள் இறங்கவில்லை, முதுகில் சுருக்கம் விழவில்லை, கை பத்து இஞ்ச் சரியாக முழங்கைக்கு மேலே நிற்கிறது. இருபது வருஷமாக வேறு வேறு கடைகளில் கொடுத்துப் பார்த்தவள் நான். கழுத்துப் பைப்பிங் இப்படி நூல் பிடித்த மாதிரி ஒரே அகலத்தில் எனக்கு யாரும் வைத்துக் கொடுத்ததில்லை. தப்பு நிறத்தில் மட்டும்தான்.

புடவையின் பார்டர் அரக்கு நிறம். நீங்கள் மெரூன் என்று நோட்டில் எழுதிக்கொண்டீர்கள், அதுவும் சரிதான். ஆனால் மெரூன் என்று சொன்னால் கடைக்காரர் பத்து பிட் எடுத்துப் போடுகிறார். பத்தும் பத்து மாதிரி இருக்கிறது. ஒன்று செங்கல் பக்கம் சாய்கிறது, ஒன்று காப்பி பக்கம், ஒன்று ஊதா பக்கம். நமக்கு வந்து சேர்ந்தது அந்த ஊதா பக்கம் சாய்ந்தது. ஒயின் கலர் என்கிறார்களே, அது. பார்டரோ குங்குமத்தில் கொஞ்சம் புளி கரைத்துவிட்ட மாதிரி இருக்கிற சிவப்பு. அதில் ஊதா துளிகூட இல்லை.

பழியை முழுதாக உங்கள் மேல் போட மாட்டேன். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு வந்து வாங்கினேன். உங்கள் கடை டியூப்லைட்டில் புடவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அப்படியே ஒட்டிக்கிச்சு அக்கா" என்று சொன்னதும் நான்தான். மறுநாள் காலையில் மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது. வெயிலில் புடவை சிவப்பாகச் சூடு பிடித்து நிற்கிறது, ரவிக்கை நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருக்கிறது. கீழே கொண்டுவந்து லைட் போட்டால் மறுபடியும் ரெண்டும் ஒன்று! என் கண்ணில்தான் கோளாறோ என்று பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற, அது வேற" என்று சொல்லிவிட்டார்.

துணி ஒரு சாயத்தில் நனைந்தது, பட்டு வேறொரு சாயத்தில் நனைந்தது. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற ரெண்டு சாயம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். நீங்களும் அந்தப் பிட்டைச் சாயந்திரம் கடையை மூடிவிட்டுப் போய்த்தான் வாங்கியிருப்பீர்கள். பகலில் உங்களுக்கு ஏது நேரம்?

சாயம் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று என் நாத்தனார் ஒரு யோசனை சொன்னார். எனக்கு அதில் இஷ்டமில்லை. ஏற்கெனவே இருக்கிற ஊதாவின் மேல் எந்தச் சாயத்தைப் போட்டாலும் கறுப்படிக்குமே தவிர சிவப்பு மேலே வராது. அதோடு லைனிங் காட்டன், தையல் நூல் பாலியஸ்டர், பைப்பிங் கடுகு நிறம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சாயம் குடித்தால் உள்ளதும் கெட்டுப்போகும்.

அதனால் புதிதாகவே தைத்துக் கொடுங்கள். பிட் நானே வாங்கிவிட்டேன். நேற்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு கடை ஏறி இறங்கினேன். இரண்டாவது கடைப் பையன், நான் ஒவ்வொரு பிட்டாகத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து முதலில் முறைத்தான், அப்புறம் அவனே கூட வந்து பிடித்துக்கொண்டான். ஆறாவது பிட் பார்டர் மேல் வைத்ததும் காணாமல் போன மாதிரி கலந்துவிட்டது. ஒரு மீட்டர் ரா சில்க், பையில் இருக்கிறது. புடவையையும் வைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் நீங்களும் ஒரு தடவை கடை வாசல்படியில், வெயிலில் வைத்துப் பார்த்துவிடுங்கள். எனக்கு இப்போது என் கண் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

நூலையும் கவனியுங்கள் அக்கா. போன ரவிக்கைக்குப் போட்ட நூல்கண்டும் அந்த ஒயின் கலர்தான். அதே கண்டு மிஷினில் இருந்து, பழக்கத்தில் ஓட்டிவிட்டால் கழுத்தோரத் தையல் தனியாகத் தெரியும். லைனிங்கும் அரக்கிலேயே போடுங்கள். தண்ணீரில் நனைத்துக் காயவைத்து வெட்டுவது உங்கள் வழக்கம்தான், அவசரத்தில் விட்டுவிட வேண்டாம்.

அளவு எல்லாம் பழையதே. வலது கைப் பட்டை மட்டும் ஒரு நூல் பிடிக்கிறது, கால் இஞ்ச் விட்டுக் கொடுங்கள். முதுகு நாடாவில் இருக்கிற குஞ்சம் ரெண்டையும் பழைய ரவிக்கையிலிருந்து அவிழ்த்து இதில் கட்டிவிடுங்கள். புதிதாகச் செய்ய வேண்டாம். பழைய ரவிக்கையை நான் வீணாக்க மாட்டேன். என்னிடம் சாம்பல் நிறத்தில் ஒரு காட்டன் புடவை இருக்கிறது, அதற்கு அது நன்றாகவே இருக்கும்.

இனி காசு விஷயம். போன ரவிக்கைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. அதை நான் போட்டுக்கொள்ளத்தான் போகிறேன். புதுப் பிட் என் செலவு. லைனிங்குக்கும் நூலுக்கும் 150 ரூபாய் பையில் சின்ன கவரில் வைத்திருக்கிறேன். கூலி 550 ரூபாயை மட்டும் இந்தத் தடவை நீங்கள் விட்டுக்கொடுங்கள். பிட் வாங்கி வந்தது நீங்கள், ராத்திரியில் தலையாட்டியது நான், ஆளுக்குப் பாதி. இது உங்களுக்கு நியாயமாகப் படவில்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லி அனுப்புங்கள், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கல்யாணம் ஆவணி 12, கிருஷ்ணகிரியில். தங்கை மகளுக்கு நான் பெரியம்மா, தாரை வார்க்கும்போது மேடையில் நிற்க வேண்டியவள். அம்மா இருந்திருந்தால் இந்தப் புடவையை அவர்தான் கட்டியிருப்பார். அதற்காகத்தான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன். வேறு புடவையாக இருந்தால் ஒயின் கலரையே மெரூன் என்று சொல்லிப் போட்டுக்கொண்டு போயிருப்பேன். ஆடி முடிந்ததும் முகூர்த்தத் துணிகள் உங்கள் கடையில் மலையாகக் குவியும் என்று தெரியும். இருந்தாலும் 23ஆம் தேதி சனிக்கிழமைக்குள் முடித்துவிட்டால், ஏதாவது திருத்தம் இருந்தாலும் எனக்கு நாள் இருக்கும்.

அன்று பையன் நாலு மணிக்கே வந்துவிடுவான். அவன் கையில் வெளிச்சம் இருக்கும்போதே கொடுத்தனுப்பிவிடுங்கள் அக்கா.

அன்புடன்,
பாரதிபுரம் டீச்சர்