மின் கட்டணப் பட்டியலைத் திருத்தித் தரவும், அதுவரை மின் துண்டிப்பை நிறுத்தி வைக்கவும் கோரும் விண்ணப்பம்

நாள்: 14.06.2025

அனுப்புநர்:
சு. வளர்மதி,
24, பள்ளிக்கூடத் தெரு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மானப் பிரிவு அலுவலகம்.

பொருள்: வீட்டு மின் இணைப்பு எண் 047-318-265. 05.06.2025 கணக்கீட்டில் மீட்டர் அளவு தவறாகப் பதிவானது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட இணைப்புக்கு 3,307 யூனிட் பயன்படுத்தியதாகப் பட்டியல் வந்துள்ளது. கடந்த ஓராண்டில் எங்கள் வீட்டின் இருமாதப் பயன்பாடு 288 யூனிட்டுக்குக் குறைந்ததுமில்லை, 314-ஐத் தாண்டியதுமில்லை. கட்டணம் செலுத்தக் கடைசி நாள் 20.06.2025 என்றும், தவறினால் மின்சாரம் துண்டிக்கப்படும் என்றும் குறுஞ்செய்தி வந்திருப்பதால் இதை அவசரமாக எழுதுகிறேன்.

பட்டியலில் முந்தைய அளவு 14,386 என்றும், 05.06.2025 அன்று எடுத்த அளவு 17,693 என்றும் உள்ளது. இன்று காலை நான் பார்த்தபோது மீட்டர் காட்டிய அளவு 14,741. ஒன்பது நாட்களுக்கு முன் 17,693-ல் நின்ற மீட்டர் இன்று 14,741 காட்ட வழியில்லை. மீட்டர் பின்னோக்கி ஓடுவதில்லை. எங்கள் வழக்கமான பயன்பாட்டில், பட்டியலில் அச்சிட்டிருக்கும் எண்ணை இந்த மீட்டர் தொடவே இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். மீட்டரின் வரிசை எண்ணும் அளவும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்த புகைப்படத்தை இணைத்துள்ளேன்.

அன்றைய உண்மையான அளவு 14,693 ஆக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆயிரத்தின் இடத்தில் 4-க்குப் பதில் 7 பதிவாகியிருக்கிறது. கணக்கெடுக்கும் கருவியின் விசைகளில் இவ்விரண்டும் மேலும் கீழுமாக ஒட்டியே இருப்பவை. அப்படிக் கொண்டால் 60 நாட்களுக்கு 307 யூனிட், அதாவது நாளொன்றுக்கு 5 யூனிட் சொச்சம் வருகிறது. அதன் பிறகான ஒன்பது நாட்களில் ஓடியிருப்பது 48 யூனிட். இரண்டும் ஒத்துப்போகின்றன. கணக்கீட்டாளர் மீது புகார் சொல்வது என் நோக்கமல்ல. ஒரு நாளில் எத்தனையோ வீடுகளில் அளவெடுப்பவருக்கு விரல் ஒரு முறை தவறலாம்.

எங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு 2 கிலோவாட். அந்தப் பளு முழுவதையும் ஒரு நொடிகூட அணைக்காமல் 60 நாட்கள் இரவு பகலாக ஓட்டினாலும் 2,880 யூனிட்தான் ஆகும். பட்டியல் அதையும் தாண்டி நிற்கிறது.

நேற்று தங்கள் அலுவலகக் கவுண்டரில் இதைச் சொன்னபோது, "முதலில் கட்டிவிடுங்கள், பிறகு அடுத்தடுத்த பட்டியல்களில் கழித்துக்கொள்ளலாம்" என்றார்கள். கூடுதலாகப் பதிவான 3,000 யூனிட் எங்களுக்குப் பத்துப் பட்டியல்களின் பயன்பாடு. கழிந்து முடிய ஏறக்குறைய இருபது மாதங்கள் ஆகும். மேலும், யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் உயர்வதால், நாங்கள் ஒருபோதும் தொடாத படிநிலையின் விகிதத்தில் இத்தொகை கணக்கிடப்பட்டிருக்கிறது. அதை யூனிட்டாகக் கழிப்பதா, பணமாகக் கழிப்பதா என்ற கேள்விக்குக் கவுண்டரில் பதில் கிடைக்கவில்லை. இப்படியே விட்டால் அடுத்த கணக்கீட்டில் புதிய அளவு பழைய அளவைவிடக் குறைவாக வரும். அப்போது மீட்டர் பழுது என்று இன்னொரு சிக்கல் கிளம்பும்.

ஆகவே, தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பி மீட்டரை நேரில் பார்க்கச் செய்து, சரியான அளவின்படி, உரிய விகிதத்தில் திருத்திய பட்டியலும் புதிய கெடு நாளும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் முடியும்வரை இந்த இணைப்பைத் துண்டிப்புப் பட்டியலிலிருந்து நீக்கி, அதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். வாய்மொழி உறுதி, கம்பத்தடிக்கு வரும் ஊழியரிடம் செல்லாது. என் தாயாரின் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதால் ஒரு நாள் துண்டிப்பும் எங்களுக்குச் சிரமம்.

நியாயமான கட்டணத்தைத் தள்ளிப்போடும் எண்ணம் எனக்கில்லை. 307 யூனிட்டுக்கான தொகையை இன்றே செலுத்தத் தயார். "பட்டியல் மறுப்பில் உள்ளது, பகுதித் தொகை பெறப்பட்டது" என்று குறிப்பிட்டு ரசீது தந்தால் போதும். பட்டியல் தவறு என்பதால், தாமதக் கட்டணம் சேர்க்கப்படக் கூடாது.

மீட்டரைச் சோதனைக்குக் கழற்ற வேண்டும் என்று தாங்கள் கருதினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கழற்றும் முன் என் முன்னிலையில் அளவைக் குறித்து, இருவரும் கையொப்பமிட்ட நகல் ஒன்றை எனக்குத் தர வேண்டும். அந்த எண்தான் என் ஒரே சான்று.

20-ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களுடன் செயற்பொறியாளரிடமும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் முறையிடுவேன். இணைப்புடன் பதிவான கைபேசி எண்ணில் என்னை எந்நேரமும் அழைக்கலாம். இம்மனுவின் இரண்டாம் படியில் பெற்றுக்கொண்ட நாளுடன் அலுவலக முத்திரையிட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சு. வளர்மதி

இணைப்பு: 05.06.2025 பட்டியலின் நகல், இன்றைய மீட்டர் புகைப்படம், கடந்த ஓராண்டுப் பட்டியல்களின் நகல்கள், துண்டிப்புக் குறுஞ்செய்தியின் அச்சுப்படி.