இணைவினைக் கணக்கு: ரவியும் சேகரும்

வினா

ரவி, சேகர் இருவரும் பழுதான மின்மோட்டார்களை மொத்தமாக வாங்கிச் சரிசெய்து விற்க ஓர் இணைவினையில் இறங்கினர். இலாப நட்டம் ரவிக்கு 3, சேகருக்கு 2 என்ற விகிதம். சேகர் செய்யும் விற்பனைக்கு மட்டும் அவருக்கு 5% கமிஷன் உண்டு.

ரவி 200 மோட்டார்களை, ஒன்று ரூ. 3,000 வீதம் ரொக்கத்துக்கு வாங்கினார். ஏற்றுகூலி, வண்டி வாடகைக்கு ரூ. 18,000, காப்பீட்டுக்கு ரூ. 6,000 அவரே கட்டினார். 40 மோட்டார்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு 160-ஐ சேகருக்கு அனுப்பினார். சேகர் முன்பணமாக ரூ. 2,50,000-க்கு வங்கி வரைவோலை அனுப்பினார். மேலும் கிடங்கு வாடகை ரூ. 12,000, காயில் சுற்றிய கூலி ரூ. 34,000 செலவழித்தார்.

சேகரின் கிடங்கில் தண்ணீர் புகுந்து 8 மோட்டார்கள் ஒன்றுக்கும் உதவாமல் போயின. காப்பீடு ரவி பெயரில் இருந்ததால் இழப்பீடு ரூ. 15,000 அவர் கைக்கு வந்தது. மீதி 152-ஐ ஒன்று ரூ. 4,400 வீதம் சேகர் விற்றார். ரவி தன்னிடமிருந்த 35-ஐ ரூ. 4,200 வீதம் விற்றார். மீந்த 5-ஐ ரூ. 3,200 வீதம் தன் சொந்தக் கடைக்கு எடுத்துக்கொண்டார்.

இருவரும் அவரவர் நடவடிக்கைகளை மட்டுமே தம் ஏட்டில் பதிகின்றனர். குறிப்பு இணைவினைக் கணக்கையும், ஒவ்வொருவர் ஏட்டிலும் மற்றவருடனான இணைவினைக் கணக்கையும் தயாரித்து, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று காட்டுக.

விடை

முதலில் இலாபம். குறிப்புக் கணக்கு யாருடைய பேரேட்டிலும் சேராது. இலாபத்தைக் கண்டுபிடிக்க மட்டும் போடுவது.

குறிப்பு இணைவினைக் கணக்கு

பற்று
ரவி: கொள்முதல் 6,00,000
ரவி: வண்டி வாடகை, ஏற்றுகூலி 18,000
ரவி: காப்பீடு 6,000
சேகர்: கிடங்கு வாடகை 12,000
சேகர்: காயில் கூலி 34,000
சேகர்: கமிஷன் (6,68,800-இல் 5%) 33,440
இலாபம்: ரவி 86,016
இலாபம்: சேகர் 57,344
மொத்தம் 8,46,800

வரவு
ரவி: விற்பனை (35 × 4,200) 1,47,000
ரவி: சொந்தக் கடைக்கு எடுத்த சரக்கு (5 × 3,200) 16,000
ரவி: காப்பீட்டு இழப்பீடு 15,000
சேகர்: விற்பனை (152 × 4,400) 6,68,800
மொத்தம் 8,46,800

செலவுகள் எல்லாம் சேர்ந்து 7,03,440. ஆகவே இலாபம் 1,43,360; அதை 3:2-இல் பிரித்தால் மேலே உள்ள இரண்டு தொகைகள்.

இங்கே பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். அந்த 2,50,000 குறிப்புக் கணக்கில் வரவே கூடாது. அது ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போன பணம். வியாபாரத்துக்கு வருமானமும் இல்லை, செலவும் இல்லை. இன்னொன்று அந்த 8 மோட்டார். அதற்கு நட்டம் என்று தனியாக ஒரு தொகை எழுதத் தேவையில்லை. வாங்கிய விலை முழுவதும் ஏற்கெனவே பற்றில் உட்கார்ந்திருக்கிறது, அவற்றிலிருந்து வந்தது 15,000 மட்டும் வரவில் இருக்கிறது; மிச்ச நட்டத்தை இலாபமே விழுங்கிவிட்டது. தனியாகவும் எழுதினால் இரட்டிப்பாகிவிடும்.

ரவியின் ஏடு: சேகருடன் இணைவினைக் கணக்கு

பற்று
ரொக்கம் (சரக்கு) 6,00,000
ரொக்கம் (வண்டி வாடகை, ஏற்றுகூலி) 18,000
ரொக்கம் (காப்பீடு) 6,000
இலாப நட்டக் கணக்கு 86,016
மொத்தம் 7,10,016

வரவு
வங்கி (சேகரின் வரைவோலை) 2,50,000
ரொக்கம் (விற்பனை) 1,47,000
கொள்முதல் (எடுத்த சரக்கு) 16,000
ரொக்கம் (இழப்பீடு) 15,000
வங்கி (சேகரிடமிருந்து, தீர்வுத்தொகை) 2,82,016
மொத்தம் 7,10,016

எடுத்த சரக்கு ரொக்கம் இல்லை என்பதால், ரவியின் கொள்முதல் கணக்கில் 16,000 பற்றாகிறது.

சேகரின் ஏடு: ரவியுடன் இணைவினைக் கணக்கு

பற்று
வங்கி (அனுப்பிய வரைவோலை) 2,50,000
ரொக்கம் (கிடங்கு வாடகை) 12,000
ரொக்கம் (காயில் கூலி) 34,000
கமிஷன் கணக்கு 33,440
இலாப நட்டக் கணக்கு 57,344
வங்கி (ரவிக்கு, தீர்வுத்தொகை) 2,82,016
மொத்தம் 6,68,800

வரவு
ரொக்கம் (விற்பனை) 6,68,800
மொத்தம் 6,68,800

சேகரின் கமிஷனுக்கு யாரும் காசு நீட்டவில்லை. விற்ற பணத்தில் அதைத் தன் பங்காக நிறுத்திக்கொள்கிறார். அதனால்தான் கணக்கில் பற்று, அவருடைய கமிஷன் கணக்கில் வரவு.

இரண்டு ஏட்டிலும் தீர்வுத்தொகை ஒன்றாகவே நிற்கிறது. சேகர், ரவிக்கு ரூ. 2,82,016 செலுத்தக் கணக்கு முடிகிறது.